வரிசை முழுக்கச் சிவக்க ஒரு டாலர் குறி

முண்டியம்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கரும்பு போடுகிறவர்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் விக்கிரவாண்டியைத் தாண்டி விழுப்புரம் நோக்கிப் போகிறவர்களுக்கு இந்த ஊர் அரசு மருத்துவக் கல்லூரியாலும் சர்க்கரை ஆலையாலும் தெரியும். அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எடை மேடைக்கு வரிசையாக நிற்கும். அங்கே கொடுக்கிற எடைச்சீட்டுதான் என் கணக்கின் முதல் தாள். அதிலுள்ள நாளையும் டன்னையும் எக்செல்லில் ஏற்றுவேன். பணம் வந்ததா, வரவேண்டிய நாள் தாண்டிவிட்டதா என்று ஒவ்வொரு சீட்டுக்கும் பார்த்துச் சொல்லுவேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இதே வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய தாள்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் நிலை என்று ஒரு பத்தி இருக்கும். கெடு தாண்டிய சீட்டுக்கு அதில் ‘நிலுவை’ என்று வரும். அந்தச் சொல் வந்தால் அந்தக் கட்டம் மட்டும் சிவக்கும்.

கட்டம் மட்டும் சிவந்தால் போதாது என்பதுதான் நான் சொல்ல வருவது. வரிசை முழுக்கச் சிவக்க வேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஒரே ஒரு சூத்திரமும் அதற்குள் சரியான இடத்தில் ஒரு டாலர் குறியும்.

முதலில் கெடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, எழுத்துப்பூர்வமாக வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, கரும்பு ஒப்படைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அதன் விலையைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் காலத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி உண்டு. எனவே ‘நிலுவை’ என்ற சொல் என் தாளில் தோராயமாக விழுவதில்லை. எடை போட்ட நாளோடு 14-ஐக் கூட்டினால் வருகிற நாளைத் தாண்டினால் மட்டுமே விழும்.

என் தாளில் பத்துப் பத்திகள். A-யில் வரிசை எண், B-யில் பெயர், C-யில் ஊர், D-யில் எடைச்சீட்டு எண், E-யில் எடை போட்ட நாள், F-இல் டன், G-யில் தொகை, H-இல் வந்த தொகை, I-யில் கெடு, J-யில் நிலை. தலைப்புகள் நான்காம் வரிசையில் இருக்கும். சீட்டுகள் ஐந்தாம் வரிசையில் தொடங்கி நானூறு வரை போகும். இரண்டாம் வரிசையில் மூன்று கட்டங்களைத் தனியாக வைத்திருக்கிறேன். G2-வில் டன் விலை, I2-வில் 14, J2-வில் இன்றைய நாள். 2024-25 பருவத்துக்கு, பிழிதிறன் 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள ஆலைக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 315.10 ரூபாய், அதாவது டன்னுக்கு 3,151 ரூபாய். அந்தப் பருவத்தில் மாநில அரசின் சிறப்பு ஊக்கத்தொகையான 349 ரூபாய் தனியாக வந்ததால் அதற்கு வேறு தாள்.

ஐந்தாம் வரிசையில் எழுதுகிற சூத்திரங்கள் இவை:

```
G5:  =F5*$G$2
I5:  =E5+$I$2
J5:  =IF(F5="","",IF(H5>=G5,"வந்தது",
     IF($J$2>I5,"நிலுவை","காத்திருப்பு")))
```

இவற்றை நானூறாம் வரிசை வரை இழுத்துவிட்டால் F5 என்பது F6, F7 என்று இறங்கிக்கொண்டே போகும். $G$2 அசையாது. டாலர் குறி எதன் முன்னால் இருக்கிறதோ அது பூட்டப்பட்டுவிடும். எழுத்தின் முன்னால் இருந்தால் பத்தி பூட்டு, எண்ணின் முன்னால் இருந்தால் வரிசை பூட்டு. டன் விலை எல்லாச் சீட்டுக்கும் ஒன்றே என்பதால் இரண்டையும் பூட்டுகிறோம். டன் ஒவ்வொரு சீட்டுக்கும் வேறு என்பதால் எதையும் பூட்டுவதில்லை. கணக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டும் கைவந்தவை. பாதி பூட்டிப் பாதி விடுவது என்ற மூன்றாவது வகை வண்ண விதி எழுதும்போதுதான் கட்டாயமாகிறது.

வண்ண விதி போடுகிற வழி இது. A5-இல் சுட்டியை வைத்து J400 வரை இழுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். `Home` பட்டையில் `Conditional Formatting`, அதில் `New Rule`, அதில் கடைசியாக உள்ள `Use a formula to determine which cells to format`. வருகிற பெட்டியில் இதை எழுத வேண்டும்:

```
=$J5="நிலுவை"
```

பிறகு `Format` அழுத்தி, `Fill`-இல் வெளிர் சிவப்பும் `Font`-இல் தடித்த எழுத்தும் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

இந்த ஒரு வரி எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிட்டால் பிறகு வருகிற எந்தக் கோளாறையும் நாமே கண்டுபிடித்துவிடலாம். நாம் எழுதியது ஒரு சூத்திரம். ஆனால் எக்செல் அதைத் தேர்ந்தெடுத்த நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கட்டங்களிலும் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறது, சூத்திரத்தை இழுத்து நகல் எடுத்ததுபோலவே. ஒவ்வொரு கட்டமும் ஒரு கேள்வி கேட்கிறது. ஆம் என்று பதில் வந்தால் சிவக்கிறது. A37 கேட்கிறது: என் வரிசையில் J பத்தியில் ‘நிலுவை’ இருக்கிறதா? பக்கத்திலுள்ள B37-ம் அதையே கேட்க வேண்டும். C37-ம் G37-ம் அதையே கேட்க வேண்டும். பக்கவாட்டில் எத்தனை கட்டம் நகர்ந்தாலும் பார்க்கிற பத்தி J-யாகவே இருக்க வேண்டும் என்பதால் J-க்கு முன்னால் டாலர். கீழே இறங்கினால் அந்தந்த வரிசையைப் பார்க்க வேண்டும் என்பதால் 5-க்கு முன்னால் டாலர் இல்லை.

என்னிடம் வேலை பழக வந்த பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, “அண்ணா, டாலர் இல்லாம ஒருவாட்டி போட்டுப் பாக்கட்டுமா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. போடச் சொன்னேன். `=J5="நிலுவை"` என்று எழுதியதும் வரிசை எண் இருக்கிற A பத்திக் கட்டங்கள் மட்டும் ஆங்காங்கே சிவந்தன. மற்ற ஒன்பது பத்தியும் வெள்ளை. A5 பார்ப்பது J5-ஐ. B5 ஒரு கட்டம் தள்ளியிருப்பதால் K5-ஐப் பார்க்கிறது. அங்கே எதுவும் இல்லை. C5 இன்னும் தள்ளி L5-ஐப் பார்க்கிறது. அடுத்து `=$J$5="நிலுவை"` என்று எழுதினாள். தாள் முழுக்கச் சிவந்துவிட்டது. J5-இல் ‘நிலுவை’ இருந்ததால் எல்லாக் கட்டமும் அந்த ஒரே கட்டத்தைப் பார்த்து ஆம் என்றன. அதில் ‘வந்தது’ என்று இருந்திருந்தால் ஒரு கட்டம்கூடச் சிவந்திருக்காது. முதல் பத்தி மட்டும் சிவந்தால் டாலர் விடுபட்டது. எல்லாம் சிவந்தாலோ எதுவும் சிவக்காவிட்டாலோ டாலர் ஒன்று கூடுதல். தாளைப் பார்த்த உடனேயே பிழையின் பெயர் சொல்லிவிடலாம்.

இரண்டாவது பிழை தானாக நேருவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பெட்டியில் சுட்டியை வைத்துவிட்டு J5-ஐச் சொடுக்கினால் எக்செல் `$J$5` என்றே எழுதும், இரண்டு டாலரோடு. அப்போது F4 விசையை இரண்டு முறை அழுத்த வேண்டும். முதல் அழுத்தில் `J$5` ஆகும், இரண்டாவதில் `$J5` ஆகும். அதே பெட்டியில் எழுத்தைத் திருத்த அம்பு விசையை அழுத்தினால் சுட்டி நகராமல் வேறு கட்டங்களின் பெயர்கள் சூத்திரத்துக்குள் விழும். முதலில் F2 அழுத்திவிட்டுத் திருத்தினால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது வகைப் பிழை கண்ணுக்குச் சட்டென்று படாது. அதனால் அதுவே ஆபத்தானது. வரிசை முழுக்க அழகாகச் சிவக்கும், ஆனால் வேறொருவருடைய வரிசை சிவக்கும். காரணம், சூத்திரத்திலுள்ள 5 என்ற எண் தேர்வு செய்தபோது எந்தக் கட்டத்தில் சுட்டி நின்றதோ அதற்குப் பொருந்துகிறது. யாரோ ஒருவர் தலைப்பையும் சேர்த்து A1-இலிருந்து தேர்ந்தெடுத்துவிட்டு `=$J5="நிலுவை"` என்று எழுதினால், முதலாம் வரிசை ஐந்தாம் வரிசையைப் பார்க்கும். அதே நான்கு வரிசை இடைவெளி கடைசிவரை தொடரும். 37-ஆம் வரிசையில் நிலுவை என்றால் 33-ஆம் வரிசை சிவக்கும். கீழிருந்து மேலாக இழுத்துத் தேர்ந்தெடுத்தால் சுட்டி நிற்பது A400-இல். அப்போது நானூறாம் வரிசை ஐந்தாம் வரிசையைப் பார்க்கும். மற்றவற்றுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. சிவந்த வரிசையில் J பத்தியைப் படித்துப் பாருங்கள். அங்கே ‘வந்தது’ என்று இருந்தால் இடைவெளிப் பிழைதான். A5-இல் சுட்டியை வைத்துக்கொண்டு `Manage Rules` திறந்து, `Applies to` பெட்டியில் `=$A$5:$J$400` என்றும் சூத்திரத்தில் `$J5` என்றும் இருக்கிறதா பார்க்க வேண்டும். இரண்டிலும் வரிசை எண் ஒன்றாக, அதாவது 5-ஆக இருக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே `Custom formula is` என்று எழுதுகிற சூத்திரம் எப்போதும் எல்லையின் மேல் இடது கட்டத்துக்கே பொருந்தும்.

இவ்வளவு கவனம் எதற்கு, J கட்டம் மட்டும் சிவந்தால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சீட்டை முழுதாகக் காட்டுகிறேன்.

37-ஆம் வரிசையில் 18.420 டன். எடை போட்ட நாள் 03-02-2025. தொகை 58,041 ரூபாய் 42 காசு. கெடு 17-02-2025. 17-ஆம் தேதி தாளைத் திறந்தால் நிலை ‘காத்திருப்பு’ என்றுதான் இருக்கும், ஏனென்றால் சூத்திரத்தில் `>` இருக்கிறது, `>=` இல்லை. பதினான்காம் நாளும் கொடுப்பவருக்கு உரிய நாளே. 18-ஆம் தேதி வரிசை சிவக்கிறது. 26-ஆம் தேதி பார்த்தால் தாமதம் 9 நாள். வட்டி 58,041.42-ஐ 0.15-ஆல் பெருக்கி, 365-ஆல் வகுத்து, 9-ஆல் பெருக்கினால் 214 ரூபாய் 67 காசு.

அந்தச் சீட்டுக்கு உரிய பெரியவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். “தம்பி, இதுல எம்பேரு எங்கப்பா இருக்குது?” என்று கேட்டார். பத்துப் பத்தி அகலமுள்ள தாளில் பெயர் இடது ஓரத்தில், நிலை வலது ஓரத்தில். J கட்டம் மட்டும் சிவந்த தாளில் அவர் விரலை வைத்து வலமிருந்து இடமாக இழுத்துக்கொண்டு போனால், பெயருக்குப் போய்ச் சேரும்போது விரல் ஒரு வரிசை மேலேயோ கீழேயோ போயிருக்கும். வரிசை முழுக்கச் சிவந்த தாளில் அவரே தன் பெயரையும் சீட்டு எண்ணையும் தொகையையும் ஒரே கோட்டில் பார்த்துக்கொண்டார். தொலைபேசியில் சொல்லும்போதும் இதே பலன். ஒருவர் பெயரோடு பக்கத்து வரிசையின் தொகையைச் சேர்த்துப் படித்துவிடும் பிழை வெகுவாகக் குறைகிறது.

அதைவிடப் பெரிய பலன் வேறொன்று. முழு வரிசைகள் சிவந்திருக்கும்போது அவற்றுக்குள் பொதுவானது எது என்று கண் தானாகத் தேடுகிறது. ஒரு பருவத்தில் சிவந்த வரிசைகள் தாள் முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஆனால் C பத்தியில் பார்த்தால் ஏறக்குறைய எல்லாம் ஒரே ஊர். அந்த ஊர்க்காரர்கள் கணக்கு வைத்திருந்த வங்கி வேறொரு வங்கியோடு இணைந்ததில் ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருந்தது. பழைய எண்ணுக்கு அனுப்பிய பணம் திரும்பிப் போயிருந்தது. புதிய பாஸ்புக் நகல்களை வாங்கிக் கொடுத்ததும் பணம் வந்தது. J பத்தி மட்டும் சிவந்திருந்தால் எத்தனை பேருக்கு வரவில்லை என்பது தெரிந்திருக்கும். யாருக்கெல்லாம் வரவில்லை, அவர்களுக்குள் என்ன ஒற்றுமை என்பது தெரிய இன்னும் நாளாகியிருக்கும். நிலுவைக்குக் காரணம் பெரும்பாலும் அதே வரிசையின் இன்னொரு பத்தியில் எழுதியிருக்கிறது. வரிசையை முழுதாகக் காட்டினால்தான் அது அகப்படும்.

H பத்தியைப் பற்றி ஒரு விளக்கம். முன்பெல்லாம் ‘வந்த நாள்’ என்று ஒரு பத்தி வைத்து, அதில் நாள் விழுந்தால் ‘வந்தது’ என்று காட்டுகிற தாள்கள்தான் புழக்கத்தில் இருந்தன. பணம் இரண்டு தவணையாக வந்தால் முதல் தவணையிலேயே சிவப்பு போய்விடும், பாக்கி மறைந்துவிடும். அதனால்தான் நாளை விட்டுவிட்டுத் தொகையோடு தொகையை ஒப்பிடுகிறேன். வங்கிப் பயிர்க்கடனுக்கு ஆலையிலேயே பிடித்தம் செய்து கட்டியிருந்தால் அந்தப் பிடித்தத்தையும் H-இல் சேர்த்தே எழுத வேண்டும். இல்லாவிட்டால் தீர்ந்த சீட்டு என்றைக்கும் சிவப்பாகவே நிற்கும்.

இனி நாள் பத்தி. விதி சரியாக இருந்தும் சிவக்க வேண்டிய வரிசை வெள்ளையாக நின்றால், நான் முதலில் பார்ப்பது E பத்தியைத்தான். நம் ஊரில் நாளைப் புள்ளி வைத்து 13.02.2025 என்று எழுதுவது வழக்கம். பல கணினிகளில் எக்செல் அதை நாளாக எடுத்துக்கொள்ளாது. வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். எழுத்தோடு 14-ஐக் கூட்டச் சொன்னால் கெடுவில் `#VALUE!` வரும். அந்தப் பிழை நிலைக்கும் தொற்றும். வண்ண விதிக்குப் பிழை என்பது ‘இல்லை’ என்ற பதிலுக்குச் சமம். அதனால் வரிசை வெள்ளையாகவே இருக்கும். கெடுவையும் கையால் இப்படிப் புள்ளி வைத்து எழுதுகிற தாளில் இன்னும் மோசம், பிழைச் செய்திகூட வராது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எக்செல் எழுத்தையே எப்போதும் பெரியதாகக் கருதும். ஆகவே இன்றைய நாள் அந்தக் கெடுவை ஒருநாளும் தாண்டாது. நிலை என்றைக்கும் ‘காத்திருப்பு’தான்.

கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் வேறொரு சங்கடம். அங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். 13-02-2025 என்று அடித்தால் பதின்மூன்றாம் மாதம் இல்லையென்பதால் அது எழுத்தாகிவிடும். 03-02-2025 என்று அடித்தால் மார்ச் 2 ஆகிவிடும். பிப்ரவரி 18-ஆம் தேதி சிவக்க வேண்டியது மார்ச் நடுவில் சிவக்கும்.

இந்த இரண்டையும் பிடிக்க, அதே நாலாயிரம் கட்டத்துக்கும் இன்னொரு விதி வைத்திருக்கிறேன். இதற்கு மஞ்சள்:

```
=$E5>$J$2
```

எடை போட்ட நாள் இன்றைய நாளுக்குப் பின்னால் இருக்க முடியாது. மார்ச்சாக மாறிய பிப்ரவரி நாள் இதில் மாட்டிக்கொள்ளும். எழுத்தாக நிற்கிற நாளும் மாட்டும், ஏனென்றால் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்ற அதே குணம் இங்கே நமக்கு உதவுகிறது. முன்னால் கெடுவை மறைத்த குணமே இங்கே பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. மார்ச் 2 என்பது பிப்ரவரி 3 ஆவதுபோல் நாள் பின்னோக்கி மாறினால் மஞ்சள் பிடிக்காது. ஆனால் அந்த வரிசை உரிய நாளுக்கு முன்பே சிவந்துவிடும் என்பதால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். மேலும், நாள் பத்தியை மாதத்தின் பெயர் எழுத்தில் தெரிகிற வடிவத்தில் வைத்திருந்தால் எடைச்சீட்டோடு ஒப்பிடும்போதே கண்ணில் படும். இந்த விதியில் இரண்டு வகைப் பூட்டும் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். எடை நாள் வரிசைக்கு வரிசை மாறும் என்பதால் `$E5`. இன்றைய நாள் எல்லோருக்கும் ஒன்று என்பதால் `$J$2`.

J2-வில் `=TODAY()` என்று வைத்தால் தாளைத் திறக்கிற ஒவ்வொரு நாளும் கணக்கு புதுப்பித்துக்கொள்ளும். அன்றாட வேலைக்கு அது வசதி. ஒரு குறிப்பிட்ட நாளில் யார் யாருக்கு நிலுவை என்று மனுவோடு இணைக்க வேண்டியிருந்தால் J2-வில் அந்த நாளையே கையால் அடித்துவிடுவேன். பிறகு H பத்தியைத் தொடாத வரை எத்தனை மாதம் கழித்துத் திறந்தாலும் அன்று சிவந்த வரிசைகளே சிவந்திருக்கும். நிலைச் சூத்திரத்துக்குள் நேராக `TODAY()` எழுதாமல் தனிக் கட்டத்தில் வைத்ததன் காரணம் இதுதான்.

சிலர் நிலைப் பத்தியே வேண்டாம், கெடு தாண்டியதா என்பதை வண்ண விதிக்குள்ளேயே எழுதிவிடலாமே என்பார்கள். எழுதலாம், சிவக்கும். ஆனால் சாதாரணச் சூத்திரம் எதுவும் நிறத்தை எண்ணாது. எத்தனை சீட்டு நிலுவை, மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் சொல் வேண்டும். மொத்தத்துக்கு இது:

```
=SUMIFS(G5:G400,J5:J400,"நிலுவை")
 -SUMIFS(H5:H400,J5:J400,"நிலுவை")
```

தவிர, ஜெராக்ஸ் எடுத்தால் வெளிர் சிவப்பு மங்கலான சாம்பலாகிவிடும், சில பொறியில் காணாமலே போய்விடும். அப்போது படிப்பதற்கு ‘நிலுவை’ என்ற சொல்லும் தடித்த எழுத்தும் மிச்சமிருக்கும்.

நிலையைக் கையால் அடிக்கிற பதிவேடுகளும் உண்டு. அங்கே சொல்லின் கடைசியில் ஓர் இடைவெளி சேர்ந்தாலே விதிக்கு அது வேறு சொல். கண்ணுக்குத் தெரியாது, வரிசை சிவக்காது. ஒரு வெற்றுக் கட்டத்தில் `=LEN(J37)` என்று எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘நிலுவை’ என்பதற்கு ஒருங்குறியில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் விடை 6 வர வேண்டும். 7 வந்தால் இடைவெளி ஒட்டியிருக்கிறது. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த தாளில் எண்ணிக்கை சரியாக வந்தாலும் நம்பக் கூடாது; திரையில் தமிழாகத் தெரிவதன் பின்னால் ஆங்கில எழுத்துகளே இருக்கும். அத்தகைய பத்தியை முழுக்க மறுபடி அடித்துவிடுவது நல்லது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் `Data Validation`-இல் மூன்று சொல்லையும் பட்டியலாக வைத்து, அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்தால் இந்தத் தலைவலியே இல்லை.

கடைசியாக, நாள்பட்ட தாளுக்கு வருகிற கேடு. சீட்டுகளை வெட்டி ஒட்டும்போதும் வேறு தாளிலிருந்து நகல் எடுத்து ஒட்டும்போதும் வண்ண விதியும் கூடவே ஒட்டிக்கொள்ளும். ஒரே விதி பல துண்டுகளாக உடையும். பருவத்தின் நடுவில் `Manage Rules` திறந்து, `This Worksheet` என்று மாற்றிப் பார்த்தால் இரண்டு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் நிறைய இருக்கும். அவற்றில் சில `$A$5:$J$120` என்றும் `$A$122:$J$400` என்றும் பிளந்திருக்கும். 121-ஆம் வரிசைக்கு விதியே இருக்காது. அந்த ஒருவர் எத்தனை நாள் காத்திருந்தாலும் அவர் வரிசை சிவக்காது. `Paste Special`-இல் `Values` மட்டும் ஒட்டப் பழகினால் இந்த உடைசல் குறையும். உடைந்த விதிகளைத் தைக்கப் பார்ப்பதைவிட எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, A5-இலிருந்து J400 வரை மறுபடி தேர்ந்தெடுத்து, சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று என இரண்டே விதியை எழுதுவது விரைவு.

எழுதி முடித்ததும் தாளை யாரிடமும் கொடுப்பதற்கு முன் மூன்று இடத்தில் சோதிக்கிறேன்: முதல் சீட்டு, நடுவில் ஒன்று, நானூறாம் வரிசை. மூன்றிலும் டன்னையும் பழைய நாளையும் போட்டுப் பார்ப்பேன். A-யிலிருந்து J வரை அந்த வரிசை மட்டும் சிவக்க வேண்டும், மேலும் கீழும் இருப்பவை அசையக் கூடாது. அப்புறம் H-இல் முழுத் தொகையை எழுதுவேன். சிவப்பு போக வேண்டும். ஒரு ரூபாய் குறைத்து எழுதுவேன். திரும்ப வர வேண்டும். நாளைப் புள்ளி வைத்து அடிப்பேன். மஞ்சள் வர வேண்டும். இவை எல்லாம் சரியாக நடந்தால் சோதனைக்குப் போட்டவற்றை அழித்துவிட்டு எடைச்சீட்டுகளை ஏற்றத் தொடங்கலாம்.